180 பக்க அறிக்கை, தாளாளருக்கு ஒன்றரைப் பக்கம்

"கடலூர், புதுச்சேரிப் பள்ளிகளில் நடந்த வாசிப்புப் பயிற்சி பற்றி எங்கள் அறக்கட்டளை 180 பக்க ஆய்வறிக்கை போட்டிருக்கிறது. தாளாளர்கள் முழுசாகப் படிக்க மாட்டார்கள். நான் எழுதிக் கொடுத்த ஆறு பக்கச் சுருக்கத்தையும் படிக்கவில்லை. எதை வைப்பது, எதை விடுவது?"

உங்கள் சுருக்கம் அறிக்கையின் அத்தியாய வரிசையிலேயே போயிருக்கும்: பின்னணி, நோக்கம், ஆய்வு முறை, அப்புறம்தான் முடிவு. தாளாளர் முதல் பக்கத்தோடு நின்றிருப்பார். அவருக்கு வேண்டியது மூன்றே விஷயம். என்ன செய்யலாம், அதனால் எத்தனை பிள்ளைகளுக்குப் பலன், அதற்கு ஆசிரியர் நேரம் எவ்வளவு போகும். இந்த மூன்றும் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும்.

எழுத உட்காரும்போது முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். முதலில் அட்டவணைகளைத் திறந்து வையுங்கள். தவறு நடக்கிற இடம் அங்கேதான். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: பயிற்சி நடந்த பள்ளிகளில் ஒரு பத்தியைத் தடங்கலின்றி வாசித்தவர்கள் ஜூலையில் 40 சதவீதம், டிசம்பரில் 52. "30 சதவீத முன்னேற்றம்" என்று போட்டால் கணக்கு தப்பில்லை, ஆனால் படிப்பவர் நூற்றுக்கு முப்பது பிள்ளைகள் கூடுதலாகத் தேறிவிட்டதாக நினைப்பார். "12 புள்ளி உயர்வு" என்பதும் முழு உண்மை இல்லை. பயிற்சியே நடக்காத ஒப்பீட்டுப் பள்ளிகளிலும் அதே மாதங்களில் 41 சதவீதம் 47 ஆகியிருந்தால், அந்த 6 புள்ளி எப்படியும் வந்திருக்கும். மீதி 6 புள்ளிதான் பயிற்சியின் பங்கு. 30 பேர் இருக்கும் வகுப்பில் அது ஏறக்குறைய இரண்டு பிள்ளைகள். சுருக்கத்தில் நிற்க வேண்டியது இந்த "இரண்டு பிள்ளைகள்"தான். எண் சின்னதாகத் தெரிகிறதே என்று தயங்க வேண்டாம். தன் வகுப்பறையை நினைத்துப் பார்க்க முடிகிற எண் அது.

அடுத்தது வரம்புகள். அறிக்கையில் நான்கு பக்கத்துக்கு இருக்கும். முடிவையே மாற்றக்கூடிய ஒன்றை மட்டும் எடுங்கள். உங்கள் இரண்டாவது தேர்வு 2024 டிசம்பரில் நடந்திருந்தால் அதுதான் அந்த ஒன்று. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பின்னாலேயே தென்பெண்ணை வெள்ளம் கடலூரைச் சூழ்ந்தது. அந்த வாரங்களில் யார் பள்ளிக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்பதே சராசரியை ஆட்டிவிடும். வாசிக்கத் திணறும் பிள்ளைகள் தேர்வன்று அதிகம் வராமல் போனால், யாரும் எதுவும் கற்காமலே சதவீதம் ஏறும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. அட்டவணையின் கீழே இருக்கும் மாணவர் எண்ணிக்கையைப் பாருங்கள். ஜூலையில் 720, டிசம்பரில் 610 என்றால், விடுபட்ட 110 பேரின் ஜூலை மதிப்பெண்ணைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். மற்றவர்களைவிட அது தாழ்ந்திருந்தால், வரம்பை முதல் பக்கத்திலேயே ஒரு வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும்.

எல்லாம் சேர்ந்தால் முதல் பத்தி இப்படி வரும்:

"3, 4, 5ஆம் வகுப்புகளில் பிள்ளைகளை வாசிப்பு நிலைப்படி பிரித்து தினமும் 30 நிமிடம் வாசிக்க வைத்ததில், 30 பேர் வகுப்பில் சுமார் இரண்டு பேர் கூடுதலாகப் பத்தி வாசித்தார்கள் (பக். 87). ஒரு ஆசிரியருக்கு வாரம் இரண்டரை மணி நேரம் தேவை. வெள்ளத்துக்குப் பின் பலர் தேர்வுக்கு வராததால் உண்மையான பலன் இதைவிடக் குறைவாக இருக்கலாம் (பக். 142). ஜூனில் ஒரு வகுப்பில் மட்டும் தொடங்கிப் பார்க்கலாம்."

பக்க எண்ணை விட்டுவிடாதீர்கள். கணக்காசிரியர் யாராவது கூட்டத்தில் "இது எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் அதுதான் கைகொடுக்கும்.

பரிந்துரைகளை அப்படியே இறக்குவது இன்னொரு பழக்கம். "பாடத்திட்டத்தில் மாற்றம் கொண்டுவர வேண்டும்" என்பது அரசுக்குச் சொன்னது. தாளாளரால் அதில் ஒன்றும் செய்ய முடியாது. கால அட்டவணை, ஆசிரியர் பொறுப்பு, புத்தகம் வாங்கும் பணம் என்று அவர் கையில் இருக்கிறவற்றை மட்டும் வையுங்கள். யார் செய்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: இதைத் தலைமையாசிரியர் முடிவு செய்யலாம், அதற்கு நிர்வாகக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று. இலக்கிய மீளாய்வு, மாதிரி எடுத்த விதம், நன்றியுரை எதுவும் வேண்டாம்.

அனுப்புமுன் அறிக்கையைப் பார்க்காத ஒருவரிடம், அலுவலக எழுத்தராக இருந்தாலும் சரி, இரண்டு நிமிடம் கொடுத்து வாங்கிக்கொண்டு, "இவர்கள் என்ன செய்யச் சொல்கிறார்கள்?" என்று கேளுங்கள். ஜூன், ஒரு வகுப்பு, 30 நிமிடம் என்று பதில் வரவில்லையென்றால் முதல் பத்தியைத் திரும்ப எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்பைக் கைபேசியிலேயே பார்ப்பதால், அகலமான அட்டவணை எதுவும் வைக்காதீர்கள்.