காரணம் சொல்லாமல் ஒப்பந்தத்தை முடிக்கும்போது நோட்டீஸ் எங்கே சறுக்கும்?

கேள்வி: மென்பொருள் பராமரிப்புக்காக ஒரு பெரிய நிறுவனத்துடன் மூன்று வருட ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். வேலை திருப்தியாக இல்லை. 60 நாள் நோட்டீஸ் கொடுத்தால் காரணம் சொல்லாமலே முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. குறைகளை எல்லாம் எழுதி ஒரு மெயில் அனுப்பினால் போதுமா?

பதில்: போதாது. குறைகளை அந்த நோட்டீஸில் எழுதவும் வேண்டாம். அந்தப் பிரிவின் பலமே நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்பதுதான். குறைகளை அடுக்கினால், அது ஒப்பந்த மீறலுக்கான நோட்டீஸ் என்று எதிர்த்தரப்பு வாதிடும். மீறலைச் சரிசெய்ய அவகாசம் கேட்கும். பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, அதன்படி முடிக்கிறோம், இன்ன தேதியில் முடிகிறது என்று எழுதினால் போதும். பழைய குறைகளுக்கு இழப்பீடு கேட்கும் எண்ணம் இருந்தால், ‘எங்களின் மற்ற உரிமைகள் பாதிக்கப்படாது’ என்று ஒரே ஒரு வரி சேருங்கள். குறைகளின் விவரம் தனிக் கடிதத்தில் போகட்டும்.

அதற்கும் முன்னால், எந்த ஆவணத்தை முடிக்கிறீர்கள் என்று பாருங்கள். பெரிய நிறுவனங்களில் பொதுவாக ஒரு மாஸ்டர் ஒப்பந்தமும் அதன் கீழ் தனித்தனி ஒர்க் ஆர்டர்களும் இருக்கும். மாஸ்டரில் 60 நாள் என்றிருக்க, ஒர்க் ஆர்டரில் ‘முதல் 12 மாதம் முடிக்க முடியாது’ என்றிருக்கலாம். இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்று இன்னொரு பிரிவு சொல்லும். மாஸ்டரை முடித்தாலும் நடப்பில் உள்ள ஒர்க் ஆர்டர்கள் தொடரும் என்று எழுதியிருப்பதும் சகஜம். அப்படியானால் இரண்டையும் பெயர் சொல்லி முடிக்க வேண்டும்.

அடுத்தது நாள் கணக்கு. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். நோட்டீஸ் கூரியரில், குறிப்பிட்ட முகவரிக்கு, சட்டத் துறையின் பார்வைக்குப் போக வேண்டும் என்றும், அனுப்பியதற்குப் பின் வரும் மூன்றாவது வேலை நாளில் கிடைத்ததாகக் கொள்ளப்படும் என்றும் உங்கள் ஒப்பந்தம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். மார்ச் 2, திங்கட்கிழமை அனுப்புகிறீர்கள். மார்ச் 5 வியாழன்தான் கிடைத்த நாள். மறுநாளிலிருந்து எண்ணினால் 60ஆவது நாள் மே 4. ‘பில்லிங் மாதக் கடைசியில்தான் முடியும்’ என்ற வரியும் இருந்தால் மே 31 வரை கட்டணம் ஓடும். கூரியரை இரண்டு வேலை நாள் முன்னதாக, பிப்ரவரி 26 வியாழனன்று அனுப்பியிருந்தால்? கிடைத்த நாள் மார்ச் 3, முடிவு மே 2. பில்லில் ஒரு பைசா மிச்சமில்லை. ஏப்ரலோடு முடிய வேண்டுமென்றால் கிடைத்த நாள் மார்ச் 1-க்குள் வந்தாக வேண்டும். ஆகவே முடிவுத் தேதியை முதலில் வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். தினமும் பேசும் அக்கவுண்ட் மேனேஜருக்குப் போன மெயில் தகவல்தான், நோட்டீஸ் அல்ல. கையெழுத்து, அதிகாரம் பெற்றவருடையதாக இருக்கட்டும்.

காரணம் கேட்காத இந்த உரிமைக்கு விலை உண்டு. செய்து முடித்த வேலைக்குப் பணம் தர வேண்டும். எதிர்த்தரப்பு உங்களுக்காக வாங்கி, ரத்து செய்ய முடியாமல் போன லைசென்ஸ் போன்ற செலவுகளும், முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணமும் சேரலாம். அந்தச் செலவுக்கு ரசீது கேட்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்து, நோட்டீஸிலேயே கேட்டுவிடுங்கள்.

நோட்டீஸ் காலத்தில் பில்லை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். புதிய ஒர்க் ஆர்டரிலும் கையெழுத்திடாதீர்கள். தரவு, பாஸ்வேர்டு, ஆவணங்கள் எந்தத் தேதிக்குள் கைக்கு வரும் என்பதை முதல் வாரத்திலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.