முத்துப்பிள்ளை கர்ப்பத்துக்குப் பிறகு: ஸ்கேன், பீட்டா எச்சிஜி, அடுத்த முயற்சி

கேள்வி: 9வது வாரத்தில் ஸ்கேன் எடுத்தபோது முத்துப்பிள்ளை கர்ப்பம் என்று சொல்லிச் சுத்தம் செய்துவிட்டார்கள். இப்போது வாராவாரம் பீட்டா எச்சிஜி எடுக்கச் சொல்கிறார்கள். ஸ்கேனில் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இந்த டெஸ்ட் எத்தனை நாளைக்கு? மறுபடியும் எப்போது முயற்சி செய்யலாம்?

பதில்:

நான் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தின் உயிர்வேதியியல் பிரிவில் பணிபுரிகிறேன். பிறருடைய எச்சிஜி அளவுகளை ஆண்டுக்கணக்கில் பதிவேட்டில் ஏற்றிவந்த எனக்கு, 2021 பிப்ரவரியில் என்னுடைய அளவையே ஏற்ற வேண்டி வந்தது. முத்துப்பிள்ளையில் முழுமையானது, பகுதியானது என இரண்டு வகை உண்டு; எனக்கு வந்தது முழுமையானது. ஆகவே கீழே இருப்பவற்றில் சில தொழிலால் தெரிந்தவை, சில பட்டுத் தெரிந்தவை.

முதலில் ஸ்கேன். எனக்கும் 9வது வாரத்தில்தான், யோனி வழி ஸ்கேனில் தெரிந்தது. கரு இருக்க வேண்டிய இடத்தில் கருவும் இல்லை, இதயத்துடிப்பும் இல்லை. கருப்பை முழுவதும் அடர்த்தியான திசு நிறைந்திருக்க, அதற்குள் சிறிதும் பெரிதுமாகக் கறுப்புப் புள்ளிகள் இறைந்து கிடந்தன. அந்தக் கறுப்புப் புள்ளி ஒவ்வொன்றும் நீர் கோத்த ஒரு குமிழ். நஞ்சுக்கொடி உருவாகும்போது விரல் விரலாக நீளும் நுண்ணிய திசுக்கள், உள்ளே இரத்த ஓட்டம் அமையாமல் நீர் கோத்து ஊதிவிடுவதால் இப்படி ஆகிறது. முத்துப்பிள்ளை என்ற சொல்லைக் கேட்டாலே திரையில் தெரியும் காட்சி கண்முன் வந்துவிடும். திராட்சைக் கொத்து என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. பழைய கருவிகளில் குமிழ்கள் தனித்தனியே தெரியாமல் படம் முழுவதும் வெள்ளைத் தூறலாகத் தெரிந்ததால், பாடப்புத்தகங்களில் இதற்குப் பனிப்புயல் தோற்றம் என்ற பெயரும் நிலைத்துவிட்டது.

கருவே இல்லாமல் இது எப்படி வளர்கிறது என்று நானும் கேட்டேன். முழுமையான வகையில், தாயின் மரபுப்பொருள் இல்லாத ஒரு கருமுட்டைக்குள் விந்தணு நுழைந்து தன்னையே இரட்டித்துக்கொள்கிறது. சில சமயம் இரண்டு விந்தணுக்கள் நுழைகின்றன. தந்தையின் மரபுப்பொருள் மட்டும் இருக்கும்போது நஞ்சுத் திசு மிதமிஞ்சி வளர்கிறது, கரு உருவாவதில்லை. பகுதி வகையில் கருமுட்டை இயல்பானதுதான். ஆனால் அதற்குள் இரண்டு விந்தணுக்கள் புகுந்துவிடுவதால் 46 இருக்க வேண்டிய குரோமோசோம்கள் பெரும்பாலும் 69 ஆகிவிடுகின்றன. நீங்கள் சாப்பிட்டதோ, தூக்கிய எடையோ, வண்டியில் போனதோ இதற்குக் காரணமில்லை. இதைச் சொல்லக் காரணம், என் மாமியார் பப்பாளியில் தொடங்கிப் பயணம் வரை ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்துவிட்டார்.

ஸ்கேனை மட்டும் நம்பிவிட முடியாது என்பதுதான் இங்கே முக்கியம். முழுமையான வகையை ஸ்கேன் பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனால் ஆறு ஏழு வாரத்திலேயே பார்த்தால் குமிழ்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஊதியிருக்காது. பகுதி வகையில் கருவும் அதைச் சூழ்ந்த நீர்ப்பையும் இருக்கக்கூடும், நஞ்சு சற்றுத் தடித்து ஆங்காங்கே ஓட்டைகளோடு தெரியும், துடிப்பு நின்றிருக்கும். பார்ப்பவர் அதைச் சாதாரணக் கருக்கலைவு என்றே எழுதிவிடுவார். அப்படிப்பட்டவர்களுக்கு உண்மை தெரியவருவது வெளியே எடுத்த திசுவை நோயியல் ஆய்வுக்கு அனுப்பும்போதுதான். அங்கே பி57 என்ற புரதத்துக்குச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். அந்தப் புரதத்தைத் தாயின் மரபணுதான் உருவாக்கும் என்பதால், முழுமையான வகையில் சாயம் ஏறாது, பகுதி வகையில் ஏறும். உங்கள் பயாப்ஸி அறிக்கை இன்னும் கைக்கு வரவில்லை என்றால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை மாதம் பரிசோதனை என்ற உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அந்தத் தாளில்தான் இருக்கிறது.

இனி எச்சிஜி. இந்த இயக்குநீரைச் சுரப்பது நஞ்சுத் திசு. ஆகவே கண்ணுக்குத் தெரியாத அளவில் அந்தத் திசு எங்கேனும் மிஞ்சியிருந்தாலும் இரத்தம் காட்டிக்கொடுத்துவிடும். சுத்தம் செய்த பிறகு ஸ்கேனை விட இரத்தத்தை நம்புவது இதனால்தான். சுத்தம் செய்வதற்கு முன் என் அளவு மில்லிலிட்டருக்கு 2,14,000 யூனிட் இருந்தது. கருவியின் மேல் எல்லையைத் தாண்டியதால் மாதிரியை நீர்த்துத்தான் அளக்க வேண்டியிருந்தது. (நாங்கள் யூனிட் என்று சொல்வது மில்லி யூனிட்டை, உங்கள் அறிக்கையிலும் அதுவே இருக்கும்.) ஸ்கேன் பார்த்துக்கொண்டே உறிஞ்சி எடுத்தார்கள். ஒரு வாரத்தில் 6,850. அடுத்தடுத்த வாரங்களில் 1,120, 346, 128, 57. முதலில் மளமளவென்று சரிவதும், பிறகு வேகம் குறைவதும் இயல்புதான். ஒவ்வொரு வாரமும் முந்தைய அளவில் எத்தனை பங்கு குறைந்தது என்று பாருங்கள். எத்தனை யூனிட் குறைந்தது என்று பார்த்தால் கடைசி வாரங்களில் வீணாகக் கலங்குவீர்கள்.

கலங்கியவள் நான்தான். ஆறாவது வாரம் அம்மா வீட்டில் இருந்தேன், அங்கேயே ஓர் ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்தேன். 54 என்று வந்தது. 57க்கு அடுத்து 54. அன்று இரவு தூக்கமில்லை. ஊர் திரும்பி இரண்டு நாள் கழித்து எங்கள் ஆய்வகத்தில் எடுத்தபோது 29. எச்சிஜி ஒரே உருவத்தில் இரத்தத்தில் சுற்றுவதில்லை. முழு மூலக்கூறும் இருக்கும், உடைந்த துண்டுகளும் இருக்கும். எந்தத் துண்டை எவ்வளவு பிடிக்கும் என்பது கருவிக்குக் கருவி மாறும். இதை இன்னொருவருக்கு நானே பத்து முறை விளக்கியிருக்கிறேன், என் விஷயத்தில் மறந்துவிட்டேன். முதல் பரிசோதனை எங்கே எடுத்தீர்களோ, கடைசி வரை அங்கேயே எடுங்கள்.

உண்மையில் அந்த 54 சரியான அளவாகவே இருந்திருந்தாலும் அந்த ஒன்றை வைத்து யாரும் முடிவுக்கு வரமாட்டார்கள். உலக மகளிர் மருத்துவக் கூட்டமைப்பான ஃபிகோ வகுத்த அளவுகோலின்படி, மூன்று வாரங்களில் எடுத்த நான்கு அளவுகளும் பத்து சதவீதத்துக்கு மேல் மாறாமல் ஒரே மட்டத்தில் நின்றால்தான் அது தேக்கம். வாராவாரம் எடுத்த மூன்று அளவுகள் குறைந்தது இரண்டு வாரங்களுக்குத் தொடர்ந்து கூடினால் அது ஏற்றம். இந்த இரண்டில் ஒன்று நடந்தால் திசு மறுபடி வளர்கிறது என்று பொருள். முழுமையான வகையில் இது நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்கு நேர்கிறது. பகுதி வகையில் ஐந்துக்கும் குறைவு. அப்போது மேற்கொண்டு ஸ்கேனும் நுரையீரல் எக்ஸ்ரேயும் பார்த்து, பெரும்பாலோருக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ ஊசியிலிருந்து தொடங்குவார்கள். கீமோ என்ற சொல் பயமுறுத்தும். ஆனால் ஆரம்பத்திலேயே பிடிபட்டால் ஏறத்தாழ எல்லோருக்கும் குணமாகிவிடும் நோய் இது, கருப்பையும் மிஞ்சும். இடையில் நிற்காத இரத்தப்போக்கோ, காரணமில்லாத இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் அடுத்த வார இரத்தப் பரிசோதனை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

எனக்கு ஏழாவது வாரம் 18, எட்டாவது வாரம் 9.1, ஒன்பதாவது வாரம் 4.2. ஐந்துக்குக் கீழே வந்தால் இயல்பு. அங்கிருந்து வாராந்திரம் மாதாந்திரமாகிறது. எத்தனை மாதம் என்பதில் நாடுகளுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஃபிகோ முழுமையான வகைக்கு இயல்பு நிலை வந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்கிறது. பகுதி வகைக்கு ஒரு மாதம் கழித்து இன்னொரு இயல்பான அளவு கிடைத்தாலே போதும் என்கிறது. பிரிட்டனில், சுத்தம் செய்த 56 நாட்களுக்குள் இயல்புக்கு வந்துவிட்டால் ஆறு மாதக் கணக்கைச் சுத்தம் செய்த நாளிலிருந்தே தொடங்கிவிடுவார்கள். எனக்கு 63 நாள் ஆனதால் அந்தச் சலுகையும் பொருந்தவில்லை. அமெரிக்கச் சிறப்பு மையங்களில் முழுமையான வகைக்கு மூன்று மாதம் போதும் என்பவர்கள் உண்டு. இயல்பு நிலைக்கு வந்த பிறகு நோய் திரும்புவது முழுமையான வகையிலேயே நூற்றில் ஒருவருக்கும் குறைவு என்பதால், கணக்கு மெல்லக் குறுகிக்கொண்டே வருகிறது. உங்கள் வயது நாற்பதை நெருங்கினால் இந்த வேறுபாட்டை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். ஆறு மாதம் என்பது எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை.

அதுவரை கர்ப்பம் வேண்டாம் என்பதற்குக் காரணம், உடல் தேறவில்லை என்பதல்ல. புதிய கர்ப்பம் வந்தாலும் எச்சிஜி ஏறும், நோய் திரும்பினாலும் ஏறும். இரண்டையும் இரத்தத்தில் பிரித்துப் பார்க்க முடியாது. ஒரு மாதம் சறுக்கிக் கர்ப்பம் தரித்துவிட்டால் அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் நன்றாகவே முடியும். உடனே மருத்துவரிடம் சொன்னால் ஸ்கேனை வைத்துக் கண்காணிப்பார்கள். ஆணுறையோ கருத்தடை மாத்திரையோ போதும். காப்பர் டி மட்டும் எச்சிஜி இயல்புக்கு வரும்வரை வேண்டாம். கருப்பைச் சுவர் மென்மையாக இருக்கும்போது துளைபட வாய்ப்புண்டு, இரத்தப்போக்கு எதனால் என்ற குழப்பமும் வரும். கீமோ எடுத்தவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு, சிகிச்சை முடிந்த பிறகு ஓராண்டு காத்திருக்கச் சொல்வார்கள்.

அடுத்த கர்ப்பமும் முத்துப்பிள்ளையாகும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. அக்டோபரில் எனக்குக் கடைசி மாதாந்திரப் பரிசோதனை முடிந்தது, அதன் பின்னர் முயற்சி செய்தோம். அடுத்த முறை மாதவிடாய் தள்ளியதும் முதல் வேலையாக ஏழாவது வாரத்தில் ஸ்கேன் எடுத்தோம். துடிப்பு தெரிந்தது, நஞ்சு சீராக இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு ஆறாவது வாரத்தில் என் மருத்துவர் ஒரு பீட்டா எச்சிஜி எழுதித் தந்தார். எல்லா மருத்துவர்களும் இதைக் கேட்பதில்லை. என் மாதிரியைக் கருவியில் வைத்தவள் நானே. 2க்கும் குறைவு என்று வந்தது.