மூன்றாவது பிளேட் பரோட்டா ஏன் முதல் பிளேட் போல இனிப்பதில்லை?

கேள்வி: "செங்கோட்டை பக்கத்துல பிரானூர் பார்டரில் சாப்பிடும்போது முதல் பிளேட் அமிர்தமா இருக்கு, மூணாவது பிளேட் சுமாராத்தான் இருக்கு. அதே மாவு, அதே சால்னா. பதினொன்னாம் வகுப்புல படிச்ச குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி இதுதானா? உண்மையில் உள்ளே என்னதான் நடக்குது?"

ஆம், அந்த விதிதான். செங்கோட்டையில் பிறந்து, பல ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்குப் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், இந்த விதியை நான் எப்போதும் பரோட்டாவைக் கொண்டே விளக்கி வந்திருக்கிறேன். பாடநூலில் உள்ள எண்களை மனப்பாடம் செய்த மாணவர்கள்கூட ஓர் இடத்தில் தவறாமல் தடுமாறுவார்கள் என்பதால், அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

குறைவது மொத்த இன்பம் அன்று. அடுத்த ஒரு பிளேட் கூடுதலாகத் தரும் இன்பமே குறைகிறது. அந்தக் கூடுதலைத்தான் இறுதிநிலைப் பயன்பாடு என்கிறோம். குற்றாலத்தில் குளித்துவிட்டு நல்ல பசியோடு கடைக்கு வரும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். ஒவ்வொரு பிளேட்டும் வருவதற்கு முன்பு, "இந்த ஒன்றுக்காக அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று அவரிடம் கேட்கிறோம். முதல் பிளேட்டுக்கு 110 ரூபாய், இரண்டாவதற்கு 65, மூன்றாவதற்கு 30 என்கிறார். நான்காவதை இலவசமாகக் கொடுத்தாலும் சாப்பிட்டாலும் ஒன்றுதான், விட்டாலும் ஒன்றுதான் என்கிறார். இவை விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். மூன்று பிளேட்டும் சேர்ந்து அவருக்கு 205 ரூபாய் மதிப்புடையவை. இரண்டு மட்டும் என்றால் 175. ஆகவே மூன்றாவது பிளேட்டும் இன்பத்தைக் கூட்டத்தான் செய்கிறது, ஆனால் 30 ரூபாய் அளவுக்கு மட்டுமே கூட்டுகிறது.

ஒரு பிளேட்டின் விலை 40 ரூபாய் என்றால் அவர் எங்கே நிறுத்துவார்? இரண்டு பிளேட்டுக்கு 80 ரூபாய் கொடுத்து 175 ரூபாய் மதிப்பைப் பெறுகிறார். மிஞ்சும் 95 ரூபாயை நுகர்வோர் உபரி என்பார்கள். மூன்றாவதையும் வாங்கினால் 120 ரூபாய் கொடுத்து 205 பெறுவார், உபரி 85 ஆகக் குறைந்துவிடும். எனவே இரண்டோடு கையைக் கழுவிக்கொள்கிறார். விலை 25 ரூபாயாக இறங்கினால் அதே மனிதர், அதே பசியோடு, மூன்றாவதையும் கேட்பார். விலை குறைந்தால் ஒரு பொருளை மக்கள் கூடுதலாக வாங்குகிறார்கள் என்ற தேவை விதியை, பொருளியலாளர் மார்ஷல் 1890இல் இந்த வழியில்தான் விளக்கினார்.

இப்போது அதே கடைக்காரர் "எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்று ஒரே விலையை வைக்கிறார் என்று கொள்வோம். உள்ளே உட்கார்ந்தபின் அடுத்த பிளேட்டின் விலை சுழி என்பதால், அந்த மனிதர் மூன்று பிளேட் வரை சாப்பிட்டுத் தாமே நிறுத்திவிடுவார். முன்பு கிடைத்த 95 ரூபாய் உபரி இங்கும் குறையாமல் இருக்க வேண்டும் என்றால், அந்த ஒரே விலை 110 ரூபாயைத் தாண்டக் கூடாது. இன்பம் இறங்கிக்கொண்டே போகும் என்பது உறுதியாக இருப்பதால்தான் 'அன்லிமிடெட்' என்ற சொல்லைக் கடைக்காரர் அச்சமின்றிப் பலகையில் எழுத முடிகிறது. "கொடுத்த காசுக்குச் சாப்பிட வேண்டும்" என்று நான்கையும் தாண்டிப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். கொடுத்த பணம் எப்படியும் திரும்பாது. ஐந்தாவது பிளேட்டின் இறுதிநிலைப் பயன்பாடோ சுழிக்கும் கீழே, வயிற்று வலியின் பக்கம் போய்விட்டது.

இந்த விதியைத் தெளிவாக எழுதிவைத்தவர் பிரஷ்ய அரசு அதிகாரியாக இருந்த ஹெர்மன் ஹைன்ரிச் கோசன். 1854இல் அவர் வெளியிட்ட நூலை ஏறத்தாழ யாருமே வாங்கவில்லை. மனம் நொந்து எஞ்சிய படிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, 1858இல் அவர் இறந்துபோனார். 1871இல் ஜெவன்ஸ், மெங்கர் என்ற இரு பொருளியலாளர்களும் தனித்தனியே இதே கருத்துக்கு வந்து சேர்ந்த பின்னரே உலகம் இதைக் கவனித்தது. கோசனுடைய பெயர் பாடநூலில் ஒரு வரியோடு முடிந்துவிடுவது எனக்கு எப்போதும் குறையாகவே படும்.

ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்ற உங்கள் கேள்விக்குப் பொருளியல் விடை சொல்வதில்லை. இன்பம் குறைகிறது என்பதை எடுத்துக்கொண்டு அது மேலே நடக்கிறது. ஏன் குறைகிறது என்பதை உணவு உளவியலில்தான் தேட வேண்டும். பசி அடங்குவது ஒரு காரணம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆயினும் பசி மட்டுமே காரணமாக இருந்தால், பரோட்டா சலிக்கும் அதே நேரத்தில் மற்ற உணவுகளும் அதே அளவுக்குச் சலித்துப்போக வேண்டும். அப்படி நடப்பதில்லை. உணவு ஆய்வாளர் பார்பரா ரோல்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980களின் தொடக்கத்தில் செய்த ஆய்வுகளில், ஓர் உணவை வயிறார உண்டவர்களுக்கு அந்த உணவின் மீதான விருப்பம் நன்றாகக் குறைந்தது. உண்ணாத பிற உணவுகளின் மீதான விருப்பம் அவ்வளவாகக் குறையவில்லை. உண்டு முடித்த சில நிமிடங்களிலேயே, அதாவது உணவு செரித்து இரத்தத்தில் கலப்பதற்கு வெகு முன்பே, இந்த மாற்றம் தெரிந்துவிடுகிறது. ஆகவே சலிப்பின் பெரும்பகுதி வயிற்றில் தொடங்குவதன்று. ஒரே சுவையையும் மணத்தையும் மென்மையையும் திரும்பத் திரும்ப உணரும் வாயிலும் மூக்கிலும் மூளையிலும் தொடங்குவது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரண்டாவது பிளேட் முடிந்ததும் ஒரு துண்டு பரோட்டாவையும், கேரள எல்லைக்கு அந்தப்பக்கம் ஆரியங்காவிலிருந்து வாங்கிவந்த பழம்பொரியில் ஒரு துண்டையும் அடுத்தடுத்து வாயில் போடுங்கள். இரண்டுமே வேண்டாம் என்று தோன்றினால் வயிறு நிறைந்துவிட்டது என்று பொருள். பரோட்டா மட்டும் மந்தமாகி, பழம்பொரி இன்னும் இனித்தால், அந்த ஒரு சுவைதான் சலித்திருக்கிறது. கேரளத்துச் சத்யா விருந்தில் இலை முழுதும் உண்டு எழப்போகிறவரும் பாயசம் வந்ததும் மறுபடி உட்கார்வது இதனால்தான். நான்கு வகை நிரப்பல் வைத்த சாண்ட்விச்சுகளைக் கொடுத்தபோது, ஒரே வகையைக் கொடுத்ததைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக மக்கள் உண்டார்கள் என்று அதே ஆய்வுக்குழு கண்டறிந்தது.

இந்த விதியைப் பயன்படுத்தும்போது எல்லைகளை மறந்துவிடக் கூடாது. பிளேட்டுகள் ஒரே அளவிலும் ஒரே தரத்திலும் இருக்க வேண்டும். மூன்றாவது பிளேட்டுக்குச் சால்னாவுக்குப் பதிலாக மிளகுக்கோழி வந்தால் அது வேறு பண்டம், கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டும். அலகும் பொருத்தமான அளவாக இருக்க வேண்டும். கடும் பசியில் முதல் கவளத்தைவிட இரண்டாவது கவளம் கூடுதலாக இனிப்பதுண்டு. பிளேட் கணக்கில் பார்த்தால் அந்த ஏற்றம் மறைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இடைவெளியின்றி ஒரே அமர்வில் உண்ண வேண்டும். நேற்று இரவு மூன்றாவது பிளேட்டுக்கு 30 ரூபாய் சொன்னவர் அடுத்த வாரம் வந்தால் முதல் பிளேட்டுக்கு மறுபடியும் 110 சொல்வார்.

அடுத்த நாளே வந்தால் அவ்வளவு சொல்வாரா என்பது ஐயமே. ஒரே உணவைத் தினமும் உண்டவர்கள், வாரம் ஒருமுறை உண்டவர்களைவிட விரைவில் சலித்து அளவைக் குறைத்துக்கொண்டதாக 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எங்கள் சித்தப்பா ஒரு கடையில் பரோட்டா மாஸ்டராக நெடுநாள் வேலை பார்த்தவர். ஊரிலிருந்து வந்த விருந்தாளிகள் அவர் கையால் போட்ட பரோட்டாவைத் தேடி வரிசையில் நிற்க, அவர் இரவு வீட்டுக்கு வந்து சித்தியிடம் ரசமும் சோறும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.