கிராமுக்கு எத்தனை பெக்கரல்: கலசக்காரரின் கணக்கு

"ஐயா, மேலூர் பக்கம் ஒருவர் கலசம் ஒன்றைக் காட்டி, உள்ளே இரிடியம்-192 ஒரு கிராம் இருக்கிறது, பத்து வருஷமாக வீட்டில் வைத்திருக்கிறேன் என்கிறார். லேப் சான்றிதழில் கிராமுக்கு 3.4×10¹⁴ பெக்கரல் என்று போட்டிருக்கிறது. பிளஸ் டூ படிக்கும் மகள் கணக்குப் போட்டால் 2.9×10¹⁹ வருகிறது. முன்பணம் கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். சான்றிதழில் உள்ள எண் சரிதான். அவர் மாட்டிக்கொள்வதே அந்த எண்ணால்தான்.

முதலில் மகளின் கணக்கு. சூத்திரம் இவ்வளவுதான்:

```
A = 0.693 × 6.022×10²³ / (T × M)
```

A என்பது கிராமுக்கு எத்தனை பெக்கரல் என்பது. M ஐசோடோப்பின் அணு நிறை, இங்கே 192. T அரை ஆயுள், அதாவது இருக்கும் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், 73.83 நாள். மகள் அதை நாளாகவே போட்டுவிட்டாள். பெக்கரல் என்றால் நொடிக்கு ஒரு சிதைவு. ஆகவே T நொடியில் இருக்க வேண்டும். 73.83 × 86,400 = சுமார் 63.8 லட்சம் நொடி. போட்டுப் பாருங்கள், 3.4×10¹⁴ வரும். அவளுக்குக் கிடைத்தது ஒரு நாளைக்கான எண்ணிக்கை, அதனால்தான் 86,400 மடங்கு அதிகம். அவளைத் திட்ட வேண்டாம். சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு அலகைக் கேட்காமலே மார்க் போடுகிறோமே, அதன் பலன்.

இனி கலசக்காரர். இந்த எண் சுத்தமான இரிடியம்-192-க்கு, அதுவும் முதல் நாளில் மட்டும். பத்து வருஷத்தில் ஏறக்குறைய 49 அரை ஆயுள் கடந்திருக்கும். 2-ஐ 49 தடவை பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் மிஞ்சுவது ஒரு பெக்கரல்கூட இல்லை. மாட்டுத்தாவணியில் வாங்கும் ஒரு வாழைப்பழத்திலேயே பத்துப் பதினைந்து பெக்கரல் இருக்கிறது.

"நேற்றுத்தான் அளந்தோம்" என்று மாற்றிப் பேசுவார். நிஜமாகவே அவ்வளவு இருந்தால், ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்கே பதினைந்து நிமிடத்துக்குள் உயிரைப் பறிக்கும் டோஸ் ஏறிவிடும். மஞ்சப்பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவர முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள், பலரும் ஏமாறுவது இங்கேதான். தொழிற்சாலையில் உலோகத்தின் உள்ளே படம் எடுக்க வைத்திருக்கும் நிஜ ரேடியோகிராஃபி சோர்ஸில்கூட இந்த எண் வராது. சாதாரண இரிடியத்தை அணு உலையில் வைத்துத்தான் 192-ஐ உண்டாக்குகிறார்கள். உலோகத்தில் ஒரு பங்குதான் மாறும். மீதி நிலையான இரிடியம் 191, 193 ஆகவே எடையில் கிடக்கும். ஆகவே நிஜமாக அளந்த கிராம் கணக்கு இதைவிடப் பல மடங்கு குறைவாக இருக்கும். சூத்திரம் தரும் உச்ச எண் அப்படியே சான்றிதழில் இருந்தால், அதை யாரும் அளக்கவில்லை. அட்டவணையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கோயில் கலசத்தில் இரிடியமே இருந்தாலும் அது இயற்கை இரிடியம், கதிர்வீச்சே இல்லாதது.

கதிரியக்கப் பொருளை விற்கவும் வாங்கவும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். அவரிடம் அதைக் கேளுங்கள். போலீஸில் புகார் கொடுக்கப் போனால் "பணம் கொடுத்தீங்களா? இல்லையே, அப்புறம் என்ன?" என்று அனுப்பப் பார்ப்பார்கள், எழுத்தில் கொடுத்து மனு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.