ஓதுவார் குரல்: கேள்வி பதில்

கேள்வி: மார்கழியில் விடிகாலை நாலரைக்குத் திருப்பள்ளியெழுச்சி, அடுத்துத் திருவெம்பாவை இருபதும். அந்த நேரத்தில் குரல் கட்டியே இருக்கிறது, பத்து மணிக்குத்தான் திறக்கிறது. அர்த்தஜாமம் முடிந்து சாப்பிடப் பத்தாகிவிடும், சாப்பிட்டதும் படுத்துவிடுவேன். சாயந்திரம் பிள்ளைகளுக்குத் தேவார வகுப்பும் உண்டு. ஏதாவது வழி சொல்லுங்கள் ஐயா.

காலையில் கட்டி, போகப் போகத் திறக்கும் குரலும், காலையில் நன்றாக இருந்து சாயந்திரம் கம்மும் குரலும் வேறு வேறு. இரண்டாவது, பாடிப் பேசிக் களைத்த குரல். உங்களுடையது முதல் வகை. வயிற்று அமிலம் படுத்திருக்கையில் மேலேறி, குரல்நாண்களுக்குப் பின்பக்கத்தை வீங்க வைத்திருக்கலாம். நெஞ்செரிச்சல் இல்லாமலேயே இது வரும். எழுந்தவுடன் வாய்ப் புளிப்பு, தொண்டையில் ஏதோ அடைத்த உணர்வு, அடிக்கடி செருமத் தோன்றுவது, இவற்றைக் கவனியுங்கள்.

சாயரட்சைக்கு முன்பே, ஆறு மணிவாக்கில், இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். அர்த்தஜாமத்துக்குப் பிறகு பசித்தால் ஒரு இட்லி, அவ்வளவுதான். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து அரை அடி உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி அமிலம் இன்னும் ஏறும். சில வாரம் கடைப்பிடித்தும் மாறவில்லையென்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்வளைக்குள் பார்க்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து நான் சொல்வது ஊகம்தான்.

அடுத்தது குரலைச் சூடேற்றுவது. எழுந்து அரை மணி கழித்துத் தொடங்குங்கள். ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, சாதாரண உறிஞ்சுகுழலின் நுனி இரண்டு விரற்கடை முழுகும்படி பிடித்து, அதன் வழியே ‘ஊ’ என்று ஊதிக்கொண்டே ஒலி எழுப்புங்கள். குமிழி ஒரே சீராக வர வேண்டும். விட்டு விட்டு வந்தால் மூச்சு சீராக இல்லை, பொங்கித் தெறித்தால் தள்ளுகிறீர்கள். கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மத்திய பஞ்சமம் வரை வழுக்கி ஏறி இறங்குங்கள், ஐந்து நிமிடம் போதும். குழலில் தேங்கும் அழுத்தம் குரல்நாண்களை லேசாக விலக்கிப் பிடிப்பதால் அவை பலமாக முட்டாமல் அதிரும். பிறகு வாயை மூடி ‘ம்’ என்று மூன்று நிமிடம். கடைசியில் முதல் பாட்டின் முதல் அடியைப் பாதிக் குரலில் இரண்டு முறை. தார ஷட்ஜத்தை அதற்கு முன் தொடவே வேண்டாம். அர்த்தஜாமம் முடிந்ததும் இதே குழலில் மூன்று நிமிடம் ஊதிவிட்டுப் படுங்கள்.

வகுப்பையும் கணக்கில் சேருங்கள். ஒரு கட்டையில் ஷட்ஜம் பிடித்தால் குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 130 தடவை மோதும். இடைவிடாமல் ஒரு மணி நேரம் ஒலித்தால் நாலரை லட்சத்துக்கு மேல். கோயிலில் சுருதியோடு, மூச்சோடு பாடுகிறீர்கள். வகுப்பிலோ மின்விசிறிச் சத்தத்துக்கும் பிள்ளைகள் சத்தத்துக்கும் மேலே கத்துகிறீர்கள், கெடுதல் அங்கேதான் அதிகம். சின்ன மைக் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அடியை நீங்கள் ஒரு தடவை பாடினால் பிள்ளைகள் மூன்று தடவை பாடட்டும்.

எல்லாருக்கும் சேர்த்து ஒன்று: செருமாதீர்கள். ஒவ்வொரு செருமலும் குரல்நாண்களை அறைந்து தேய்க்கிறது. எச்சிலை விழுங்குங்கள், அல்லது ஒரு வாய்த் தண்ணீர்.

கேள்வி: பாடுவதற்கு முன் ஒரு சொம்பு வெந்நீர் குடித்துவிட்டுப் போகிறேன். அது போதுமா?

குடிக்கும் தண்ணீர் குரல்நாண்களைத் தொடுவதே இல்லை, உணவுக்குழாய்க்குத்தான் போகிறது. தொட்டால் இருமல் வந்துவிடும். உடம்பில் சேர்ந்து, ரத்தம் வழியாகச் சுற்றித்தான் அங்கே ஈரம் வரும், அதற்கு நேரமாகும். விடிகாலைப் பாட்டுக்கான தண்ணீரை முந்தின நாளே குடித்திருக்க வேண்டும். நாள் முழுக்கப் பரவலாக இரண்டு, இரண்டரை லிட்டர். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. சிறுநீரகம், இதயத் தொந்தரவு இருப்பவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும். பதினொரு பாட்டுள்ள பதிகத்தில் நான்காவது, எட்டாவது பாட்டு முடிந்ததும் ஒரு வாய் குடித்தால் வாய் வறளாது.

நேராகக் குரல்நாணுக்குப் போவது ஆவிதான். வெறும் தண்ணீர் ஆவி, ஐந்து நிமிடம். தைலம், கற்பூரம் எதுவும் போட வேண்டாம், எரிச்சல்தான் மிஞ்சும். சாம்பிராணிப் புகை சூழும் இடத்தில் பாடுகிறவர்கள் புகை போகும் திசைக்கு எதிர்ப்பக்கம் நின்றாலே பாதித் தொல்லை குறையும்.

கேள்வி: மிளகும் பனங்கற்கண்டும் வாயில் அடக்கிக்கொண்டால் குரல் திறக்குமே?

எச்சில் ஊறும், விழுங்குவீர்கள், செருமல் குறையும். பலன் அவ்வளவுதான், கெடுதல் இல்லை.

கேள்வி: அதிமதுரம் தினமும் எடுக்கலாமா? சித்தரத்தை? ஆடாதோடை?

மேலே சொன்னதுதான். அதிமதுரத்தைத் தினமும் பல வாரம் தொடர்ந்தால் ரத்த அழுத்தம் ஏறும், அது மட்டும் புதுச் செய்தி. மருந்துச் சரக்குக் கேள்விகளை இத்தோடு நிறுத்திக்கொள்வோமே.

கேள்வி: என் பையனுக்குப் பதினாலு வயது, குரல் உடைந்துகொண்டிருக்கிறது. தேவாரப் பாடசாலையில் பழைய சுருதியிலேயே பாடச் சொல்கிறார்கள்.

வேண்டாம். வாரத்துக்கு வாரம் மாறும் குரல் அது. எட்டுகிற சுருதியில், குறைந்த நேரம், சத்தமில்லாமல் பாடட்டும். பாடத்தைக் காதாலும் மனப்பாடத்தாலும் தொடரலாம்.

கேள்வி: குரல் கெடத் தொடங்குவதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?

தினமும் சாயந்திரம் ஒரே நேரத்தில், உங்கள் தார ஷட்ஜத்தைத் தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பாடுவதுபோல் மிக மெதுவாகத் தொடுங்கள். ஒலி வருமுன் வெறும் காற்று வந்தாலோ, நடுவில் அறுந்தாலோ குரல்நாண் ஓரத்தில் வீக்கம் இருக்கலாம். உரக்கப் பாடினால் இது தெரியாது, அழுத்தத்தில் மறைந்துவிடும். மறுநாள் பாட்டைப் பாதியாக்குங்கள். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் மருத்துவரிடம் போங்கள். பாடும்போதே சட்டென்று குரல் போனால் அந்த அடியோடு நிறுத்திவிட்டு அன்றே போங்கள், உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம்.

கேள்வி: அரைக் கட்டை இறக்கிப் பாடினால் பாவமா? எங்கள் பெரியவர் விடவே மாட்டேன் என்கிறார்.

மார்கழி விடிகாலையில் மட்டும் அரைக் கட்டை இறக்குவதில் தவறே இல்லை. பண் சுர இடைவெளியில் இருக்கிறது, கட்டையில் இல்லை.

— அப்படியில்லை தம்பி. நாற்பது வருஷமாக ஒரே சுருதி. இறக்கினால் சாதாரியில் கம்பீரம் போய்விடும், சோம்பேறித்தனமும் தொற்றிக்கொள்ளும். பனியில் நின்று சாதகம் செய்துதான் குரல் உரம் ஏறியது.

உங்கள் குரல் தாங்கியது ஐயா. அதே சாதகத்தில் குரல் போனவர்கள் இன்று பாடவில்லை, அதனால் அவர்கள் குரல் நம் காதில் விழுவதில்லை. பனியில் சாதகம் செய்வதாலேயே உரம் ஏறும் என்பதை நான் ஒப்பமாட்டேன்.

— நான் வயலின் வாசிக்கிறவன். இறக்கினால் கீழே மந்திர ஸ்தாயியில் ஓதுவார் குரல் காணாமல் போகிறது, மைக்கில் வெறும் காற்றுதான் வருகிறது. அப்போது அழுத்திப் பாடுகிறார். அதுவும் கேடுதானே?

கேடுதான், இதை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். கீழே அழுத்துவதும் மேலே இழுப்பதும் ஒரே தப்பு. மைக்கை நாலு விரற்கடைக்குக் கொண்டுவந்தால் அழுத்தம் ஓரளவு குறையும். மந்திர ஸ்தாயி அதிகம் வரும் பதிகத்துக்குப் பழைய சுருதியிலேயே இருக்கலாம்.

— பதிகத்துக்குப் பதிகம் சுருதி மாற்றுவதா? சம்மதிக்க மாட்டேன்.

சரி ஐயா, அது உங்கள் சம்பிரதாயம். அப்படியானால் அன்றைக்குப் பாடும் பதிகங்களில் மேலே ஏறுவதையெல்லாம் கடைசியில் வையுங்கள்.

கேள்வி: இந்தளத்துக்கு எந்த ராகம்?

பண்ணாராய்ச்சி செய்தவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: குரல் போனால் ரகசியக் குரலில் பேசலாமா? செருமினால்தானே சளி வருகிறது?

ரகசியக் குரலில் பலர் தொண்டையை இறுக்குகிறார்கள், மெல்லிய இயல்புக் குரல் அதைவிடப் பரவாயில்லை. செருமுவதைப் பற்றி முதல் பதிலிலேயே சொல்லியிருக்கிறேன். செருமச் செரும எரிச்சல் கூடி, அதைத் தணிக்க இன்னும் சளி ஊறும். ஒரு நாள் முழுக்க ஒவ்வொரு செருமலுக்கும் பதிலாக ஒரு வாய்த் தண்ணீர் குடித்துப் பாருங்கள்.