இன்டர்ன்ஷிப் முடிந்தபின் பகுதி நேரம்: எப்படிக் கேட்பது?

வணக்கம். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் இன்டர்ன்ஷிப் செய்கிறேன், இன்னும் மூன்று வாரத்தில் முடிகிறது. கல்லூரி திறந்த பிறகும் பகுதி நேரமாகத் தொடர ஆசை. “எந்த வேலை கொடுத்தாலும் செய்யத் தயார், வாரம் 20 மணி நேரம் ஒதுக்க முடியும்” என்று மெயில் எழுதி வைத்திருக்கிறேன். எச்.ஆருக்கு அனுப்பலாமா? சம்பளம் பற்றிக் கேட்கலாமா?
– ச.

அன்புள்ள ச.,

எச்.ஆருக்கு வேண்டாம். தினமும் உங்களுக்கு வேலை கொடுத்து, முடித்ததைப் பார்க்கிறவருக்கு எழுதுங்கள். எச்.ஆருக்கு அனுப்பினால், ‘உங்கள் கருத்து என்ன?’ என்ற கேள்வியோடு அது அவரிடம்தான் போய்ச் சேரும். தன்னைத் தாண்டிப் போன மெயிலை அப்படிப் படிக்க யாருக்கும் பிடிக்காது. முடிந்தால் முதலில் நேரில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, அன்றைக்கே மெயிலை அனுப்புங்கள். இந்த வாரமே செய்வது நல்லது. கடைசி நாள் வந்துவிட்டால் உங்கள் லாகின் மூடப்படும், லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். பிறகு உங்களைத் திரும்பச் சேர்ப்பது புது ஆளை எடுப்பது போன்ற வேலை.

‘எந்த வேலை கொடுத்தாலும்’ என்பது பணிவாகத் தெரியும். ஆனால் வேலையைத் தேடுவது, பிரிப்பது, விளக்குவது எல்லாம் அவர் தலையில் விழுகிறது. ‘பார்க்கலாம்’ என்று சொல்லி அவர் மறந்துவிடுவார். எனவே வேலையை நீங்களே தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள். அது பாதியில் நிற்பதாக, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்க வேண்டும். இரண்டு நாள் தள்ளிப்போனாலும் யாரும் அதற்காகக் காத்துக்கிடக்கக் கூடாது. வெளியீட்டுக்கு முந்தைய அவசரத் திருத்தங்களைக் கேட்காதீர்கள். நீங்கள் லேபில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் அவை வந்து நிற்கும்.

உங்கள் பிரிவையே எடுத்துக்கொள்வோம். கையால் செய்துவந்த 40 சோதனைகளில் 26-ஐ நீங்கள் ஆட்டோமேட் செய்துவிட்டீர்கள், 14 மீதி என்று வையுங்கள். ஒன்றுக்கு 3 மணி நேரம் என்றால் 42 மணி நேரம். வாரம் 10 மணி நேரம் தருகிறீர்கள். அதில் 2 மணி நேரம் மீட்டிங்குக்கும், நீங்கள் இல்லாத நாட்களில் என்ன மாறியது என்று பார்ப்பதற்கும் போய்விடும் (பகுதி நேரக்காரர்கள் கணக்கில் விடுவது இதைத்தான்). மிஞ்சுவது 8. ஆறு வாரம் ஆகும். நடுவே தேர்வுக்கு ஒரு வாரம், திருத்தங்களுக்கு ஒரு வாரம் சேர்த்தால் எட்டு. இனி மெயில்:

தலைப்பு: மீதமுள்ள 14 சோதனைகள் – 28-க்குப் பிறகு 8 வாரம் பகுதி நேரம்

“வணக்கம் சார். என் இன்டர்ன்ஷிப் 28-ஆம் தேதி முடிகிறது. 40 சோதனைகளில் 14 மீதி உள்ளன. கல்லூரி திறந்த பின் 8 வாரம், வாரத்துக்கு 10 மணி நேரம் வேலை செய்து இவற்றை முடித்துத்தர விரும்புகிறேன். புதன் மாலை 5 முதல் 8 வரை, சனி 9 முதல் 4 வரை ஆன்லைனில் இருப்பேன். ஐந்தாவது வாரம் தேர்வு, அப்போது வேலை செய்ய இயலாது. உங்களிடமிருந்து வாரம் அரை மணி நேரம் ரிவ்யூ தேவைப்படும். எட்டு வார முடிவில் தொடர்வதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். இது சரிப்பட்டால், ஊதியம், ஒப்பந்தம் குறித்து யாரிடம் பேச வேண்டும் என்று சொல்லுங்கள்.”

ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசைதான். தேர்வு வாரத்தை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த வாரம் திடீரென்று காணாமல் போனால் மற்ற ஏழு வாரத்து உழைப்பும் மறந்துபோகும். உங்கள் 20 மணி நேரமும் இப்படித்தான் கவிழும். வகுப்பு, லேப், ரெக்கார்டு எல்லாவற்றையும் கால அட்டவணையில் குறித்துவிட்டு, மிஞ்சும் நேரத்தில் பாதியை மட்டும் சொல்லுங்கள்.

சம்பளத் தொகையை இந்த மெயிலில் எழுத வேண்டாம். அவர் வேலைக்குச் சம்மதித்த பிறகு, இப்போது பெறும் உதவித்தொகையை மாத வேலை நேரத்தால் வகுத்து, ஒரு மணி நேரத்துக்கு என்ன வருகிறது என்று பாருங்கள். அதற்குக் கீழே இறங்காதீர்கள். கல்லூரியின் அனுமதிக் கடிதம் தேவையா என்று துறைத் தலைவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். வெளிநாட்டில் படிப்பவரானால் மாணவர் விசா எத்தனை மணி நேரம் அனுமதிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஐந்து வேலை நாட்களில் பதில் வராவிட்டால் அதே மெயிலுக்குக் கீழே ஒரு வரி போதும்: “28-ஆம் தேதிக்குள் தெரிந்தால் என் லாகினை மூடாமல் வைக்கச் சொல்லலாம்.” பட்ஜெட் இல்லை என்று பதில் வந்தால், அந்த 14 சோதனைகளும் எந்த நிலையில் நிற்கின்றன என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த விடுமுறை எப்போது என்பதை அதன் அடியில் குறிப்பிடுங்கள்.