மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு டிரமடால்: பழகிவிடுமா?

"அம்மாவுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்து காரைக்குடி வீட்டுக்கு வந்து 12 நாள். வலிக்கு டிரமடால் 50 மி.கி. மாத்திரை ஒரு நாளைக்கு மூன்று. போதைப் பழக்கம் ஆகிவிடும் என்று பயந்து இன்றோடு நிறுத்திவிடலாமா?"

ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். உடல் மருந்துக்குப் பழகுவது வேறு, அடிமையாவது வேறு. இரண்டு வாரத்தில் உடல் கொஞ்சம் பழகியிருக்கலாம். சட்டென்று விட்டால் கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை வரலாம். அடிமைத்தனம் என்பது வலி இல்லாதபோதும் மாத்திரைக்கு மனசு ஏங்குவது, கணக்கை மீறி எடுப்பது. மருத்துவர் எண்ணிக் கொடுத்து, புண் ஆற ஆறக் குறைத்துக்கொண்டே வரும்போது அது அரிது. முன்பு குடியோ வேறு போதையோ இருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல். அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

தேவகோட்டையில் என் மாமியாருக்கு இதே அளவுதான். மருத்துவர் முதலில் மதிய மாத்திரையை நிறுத்தினார். மூன்று நாள் கழித்துக் காலையுடையது, கடைசியாக இரவுடையது. பாராசிட்டமால் மட்டும் நேரம் தவறாமல் தொடர்ந்தது. காலை மாத்திரையை விட்ட அன்று முற்றத்தைச் சுற்றி நடக்கவே முடியவில்லை, முழங்காலும் மடங்கவில்லை. போனில் கேட்டதும், இன்னும் இரண்டு நாள் காலை, இரவு என்ற முந்தைய அளவிலேயே இருக்கச் சொன்னார். அப்புறம் சரியானது. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக் கால் மடக்காமல் விட்டால் மூட்டு இறுகிவிடும், அதுதான் எனக்குப் பெரிய கவலை.

உங்கள் அம்மாவுக்கான கணக்கை நாளைக்கே அவர் மருத்துவரிடம் கேளுங்கள். எழுப்பினாலும் விழிக்காத தூக்கமோ, மூச்சு மெதுவானாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.